போல்ட், வாஷர் பட்டியலைத் தமிழாக்குவது எப்படி: ஸ்டோரில் பாகம் மாறாமலிருக்க ஒரு வழிகாட்டி

கோவைப் பக்கம் ஒரு சின்னப் பட்டறைக்கு, மாட்டுத்தீவனப் புல் நறுக்கும் சாஃப் கட்டரின் பாகப் பட்டியலைத் தமிழில் எழுதிக் கொடுத்தேன். மொத்தம் 96 வரி. அதில் 41 வரி போல்ட், நட், வாஷர் வகையறா. வரிக்கு நாலு வார்த்தைதானே, அரை நாளில் முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன், முடித்தும் விட்டேன். பத்து நாள் கழித்துப் பட்டறையிலிருந்து போன் வந்தது. முதலில் செய்த நாலு மெஷினிலும் பெல்ட்டை டைட் வைக்க முடியவில்லை.

நேரில் போய்ப் பார்த்தேன். மோட்டாரைப் பின்னால் தள்ளி பெல்ட்டை இழுக்க, அடிச்சட்டத்தில் இரண்டு அட்ஜஸ்டிங் போல்ட் இருக்கும். சட்டத்தில் பற்றவைத்த ஒரு தடித்த துண்டில் த்ரெட் போட்டிருப்பார்கள். போல்ட் அதற்குள் திருகிப் போய் மோட்டார் காலைத் தள்ள வேண்டும். மாட்டியிருந்த போல்ட்டோ பாதி தூரம் போய் நின்றுவிட்டது. தலைக்குக் கீழே 24 மி.மீ. வரை த்ரெட்டே இல்லாத வழவழ தண்டு. அது த்ரெட் ஓட்டைக்குள் எப்படிப் போகும்?

ஆங்கிலப் பட்டியலில் இப்படி இருந்தது:

```
13  HEX BOLT   M10x50  DIN 931  8.8  ZN   4
14  HEX SCREW  M10x50  DIN 933  8.8  ZN   2
```

நான் இரண்டையும் “அறுகோணத் தலை போல்ட், M10, 50 மி.மீ.” என்று எழுதியிருந்தேன். M10 என்றால் த்ரெட்டின் வெளி விட்டம் 10 மி.மீ.; DIN என்பது போல்ட்டின் வகையைச் சொல்லும் ஜெர்மன் தரநிலை எண். ‘வேலை செய்கிறவருக்கு DIN நம்பர் எதற்கு’ என்று அந்தக் கட்டத்தையே எடுத்துவிட்டேன். ஸ்டோர் அண்ணன் என்ன செய்வார்? ஒரே பொருள் இரண்டு வரியில் வந்திருக்கிறது என்று கூட்டி, ஒரே டப்பாவிலிருந்து ஆறு எண்ணிக் கொடுத்துவிட்டார். தப்பு அவருடையதல்ல.

அதற்குப் பிறகு இன்னும் சில பட்டியல்கள் செய்திருக்கிறேன். முதல் தடவை செய்கிறவர் எந்தெந்த இடத்தில் வழுக்குவார் என்பது இப்போது தெரியும். மெஷின் படிப்பு இல்லாத மொழிபெயர்ப்பாளருக்கும், பட்டறையில் புதிதாகச் சேர்ந்து ‘நீ கம்ப்யூட்டர் தெரிஞ்ச பையன், இதைத் தமிழ்ல போட்டுக் குடு’ என்று மாட்டிக்கொண்டவருக்கும் இதை எழுதுகிறேன்.

## 1. உட்காருமுன் கேட்டு வாங்க வேண்டியவை

பட்டியலின் மூல எக்ஸெல் கோப்பு வேண்டும். பி.டி.எஃப். அனுப்பினால் திருப்பிக் கேளுங்கள். அதிலிருந்து நகலெடுத்து ஒட்டும்போது கட்டங்கள் நகர்ந்து, 14-ஆம் வரியின் அளவு 15-ஆம் வரிக்குப் போய்விடும். பார்த்தால் தெரியாது.

அசெம்பிளி டிராயிங் வேண்டும். வரிசை எண் 14 மெஷினில் எங்கே உட்காருகிறது என்பது அதில்தான் தெரியும். நான் அதைக் கேட்டிருந்தால், 14 என்ற வட்டம் மோட்டார் அடியில் தனியாக நிற்பதைப் பார்த்திருப்பேன்.

போல்ட் கடைக்காரர்கள் வைத்திருக்கும் அளவுப் பட்டியல் ஒன்று வேண்டும். DIN, ISO, IS எண்களுக்கு எதிரே படமும் அளவும் போட்டிருக்கும் சின்னப் புத்தகம் அது. பட்டறைக்கு போல்ட் சப்ளை செய்கிறவரிடம் கேட்டால் சும்மாவே தருவார். தரநிலை ஆவணங்களைக் காசு கொடுத்து வாங்க வேண்டிய அவசியம் இந்த வேலைக்கு இல்லை.

கடைசியாக, ஒவ்வொரு வரிக்கும் ஸ்டோரிலிருந்து ஒரு மாதிரி. நாற்பது சின்ன பிளாஸ்டிக் கவர், ஒவ்வொன்றிலும் வரிசை எண். இதற்கு ஸ்டோரில் ஒரு மணி நேரம் ஆகும். பட்டறையில் முனகுவார்கள், விடாதீர்கள். வெர்னியர் அவர்களிடமே இருக்கும். பிட்ச் என்பது த்ரெட்டில் அடுத்தடுத்த இரண்டு பல்லுக்கு இடையே உள்ள தூரம். அதைப் பார்க்கும் பிட்ச் கேஜ் மட்டும் சொந்தமாக வாங்கிக்கொள்ளுங்கள். விசிறி மாதிரி விரியும் தகடுகள், ஒவ்வொன்றின் விளிம்பிலும் ஒரு அளவில் பல். எனக்கு 250 ரூபாய்க்குக் கிடைத்தது. மெட்ரிக் தகடும் அங்குலத் தகடும் ஒரே பிடியில் இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள்.

## 2. தொடக்கூடாத கட்டங்களைப் பூட்டுங்கள்

மூலப் பட்டியலில் எந்தக் கட்டத்தையும் அழிக்காதீர்கள், மாற்றாதீர்கள். பக்கத்தில் தமிழுக்கென்று ஒரு கட்டம் சேருங்கள். பாக எண், DIN எண், `M10x1.25`, `8.8`, `6g` இவையெல்லாம் மொழி அல்ல. ‘எம் 10’ என்று தமிழ் எழுத்தில் எழுதினால்கூட டப்பாவின் மேல் இருக்கும் `M10`-உடன் கண்ணால் ஒப்பிட முடியாமல் போகிறது.

எழுத்தின் பெரிது சின்னதுக்குக்கூட அர்த்தம் உண்டு. `6g` என்று சின்ன எழுத்தில் இருந்தால் அது வெளித் த்ரெட்டின், அதாவது போல்ட்டின் டாலரன்ஸ், அளவில் எவ்வளவு வித்தியாசம் இருக்கலாம் என்ற வரம்பு. `6H` என்று பெரிய எழுத்தில் இருந்தால் உள் த்ரெட்டினுடையது, அதாவது நட் அல்லது டேப் போட்ட ஓட்டை. ஒருமுறை ‘எல்லாம் ஒரே மாதிரி இருக்கட்டும்’ என்று ஒரு வடிவமைப்பாளர் அனைத்தையும் பெரிய எழுத்தாக மாற்றிவிட்டார். அழகாகத்தான் இருந்தது.

எக்ஸெல் தனியாக ஒரு பொறி வைத்திருக்கிறது. ஒரு கட்டத்தில் `1/4` என்று தட்டினால் அதைத் தேதியாக்கிவிடும். உங்கள் கணினியின் தேதி அமைப்பைப் பொறுத்து அது ஏப்ரல் 1 ஆகவோ ஜனவரி 4 ஆகவோ மாறும். ஆயில் பிளக் வரியில் ஏப்ரல் முதல் தேதி எழுதியிருந்தால் யாராவது சிரித்துவிட்டுத் திருத்துவார்கள். ஆனால் பாக எண் `00714` என்பது `714` ஆகிவிட்டால் யாரும் கவனிக்க மாட்டார்கள். எதையும் ஒட்டுவதற்கு முன்பே அந்தக் கட்டங்கள் முழுவதையும் தேர்ந்தெடுத்து `Text` என்று அமைத்துவிடுங்கள். ஒட்டிய பிறகு மாற்றினால் போன சைபர் திரும்பி வராது.

## 3. சொற்களை ஸ்டோரில் போய் எடுங்கள்

அகராதியை மூடி வையுங்கள். ஸ்டோரில் டப்பாக்களின் மேல் என்ன எழுதியிருக்கிறது, வேலை செய்கிறவர் எட்டு அடி தள்ளி நிற்கிறவரிடம் என்ன சொல்லிக் கேட்கிறார் என்று கவனியுங்கள். அந்தச் சொற்கள்தான் உங்கள் பட்டியலின் சொற்கள். ‘மரையாணி’, ‘திருகாணி’, ‘அடைவளையம்’ என்று நான் முதலில் எழுதிக்கொண்டு போனேன். ஸ்டோர் அண்ணன் படித்துவிட்டு, “தம்பி, திருகாணின்னா எங்கூட்டம்மா கம்மல்ல இருக்கறதுங்க. இங்க அதெல்லாம் கெடையாதுங்க” என்றார். அத்தோடு அந்தத் தாளை மடித்து வைத்துவிட்டேன்.

எனக்கும் நல்ல தமிழ்ச்சொல் பிடிக்கும். ஆனால் இந்தத் தாளின் வேலை ஒன்றே ஒன்று: கை சரியான டப்பாவுக்குப் போக வேண்டும்.

இரண்டு சொற்களை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். ஒன்று ‘மரை’. கேட்க நன்றாக இருக்கும், மரை கழண்டவன் என்று திட்டுவதால் எல்லோருக்கும் தெரிந்த சொல்லும்கூட. ஆனால் சிலருக்கு அது போல்ட்டின் மேல் ஓடும் சுற்று, சிலருக்கு நட்டே மரைதான். ‘மரை M10’ என்று எழுதினால் ஒருவர் நட்டை எடுப்பார், இன்னொருவர் போல்ட்டைப் பார்ப்பார். ஆகவே என் பட்டியல்களில் அந்தச் சொல்லையே நான் சேர்ப்பதில்லை. த்ரெட், நட் என்று தனித்தனியாக எழுதிவிடுகிறேன்.

மற்றது ‘நூல்’. த்ரெட் என்றால் நூல் என்று மொழிபெயர்ப்பது வெறும் கேலிக்குரிய தவறு மட்டுமல்ல, நம் ஊரில் ஆபத்தான தவறும்கூட. ஏனென்றால் பட்டறையில் நூல் என்பது ஓர் அளவு, அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. ‘மூணு நூல் போல்ட்’ என்றால் `3/8` அங்குல போல்ட். அது 9.5 மி.மீ. சொச்சம். பார்வைக்கு M10 போலவே இருக்கும், பழைய ஸ்டோர்களில் M10 டப்பாவுக்குப் பக்கத்திலேயே இருக்கும். ‘10 நூல்’ என்றோ ‘நூல் 1.25’ என்றோ நீங்கள் எழுதினால் அனுபவசாலிதான் முதலில் குழம்புவார்.

சொற்களை முடிவு செய்ததும் ஒரு பொருளுக்கு ஒரு சொல் என்று ஒரு பக்கத்தில் எழுதி, ஸ்டோர்க்காரரிடமும் ஃபோர்மேனிடமும் காட்டி ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு நடுவில் மாற்றாதீர்கள். கட்டுரை எழுதும்போது ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்தால் சலிப்பு. இங்கே அதுதான் பாதுகாப்பு. 7-ஆம் வரியில் ‘ஆலன் போல்ட்’ என்றும் 30-ஆம் வரியில் ‘சாக்கெட் ஸ்க்ரூ’ என்றும் எழுதினால் இரண்டும் வேறு பொருள் என்றுதான் படிப்பவர் நினைப்பார்.

## 4. போல்ட்டா ஸ்க்ரூவா: பெயரை நம்பாதீர்கள், எண்ணைப் பாருங்கள்

என்னை விழவைத்த இடம் இது. ஆங்கிலப் பட்டியலில் `HEX BOLT` என்றால் த்ரெட் பாதி வரை. `HEX SCREW` என்றால் அதே அறுகோணத் தலை, ஆனால் த்ரெட் தலைக்குக் கீழ் வரை ஓடும். நம் பட்டறையில் இரண்டுமே போல்ட்தான். ஸ்க்ரூ என்றால் ஸ்க்ரூடிரைவர் போட்டுத் திருகுகிற சின்ன சாமான். ஆகவே இங்கே இரண்டு விதமாகத் தவறலாம். இரண்டையும் போல்ட் என்று மட்டும் எழுதி வித்தியாசத்தைத் தொலைக்கலாம், என்னைப் போல. அல்லது சொல்லுக்குச் சொல் மாற்றி ‘அறுகோண ஸ்க்ரூ’ என்று எழுதி, ஆளை வேறு அலமாரிக்கு அனுப்பலாம்.

சரியான வித்தியாசம் ஸ்டோர் டப்பாவிலேயே எழுதியிருந்தது: ஹாஃப் த்ரெட், ஃபுல் த்ரெட். அதையே எடுத்துக்கொண்டேன். எது ஹாஃப், எது ஃபுல் என்பதை எண் சொல்லும். DIN 931, ISO 4014 இரண்டும் ஹாஃப் த்ரெட். DIN 933, ISO 4017 இரண்டும் ஃபுல் த்ரெட். இந்தியத் தரநிலை எண் போட்டிருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். IS 1364 என்ற ஒரே எண்ணில் பகுதி 1 ஹாஃப் த்ரெட் போல்ட், பகுதி 2 ஃபுல் த்ரெட், பகுதி 3 நட். பட்டியலில் வெறும் `IS 1364` என்று மட்டும் இருந்தால் நீங்களாக முடிவு செய்யாமல் டிசைனரைக் கேளுங்கள்.

ஹாஃப் த்ரெட் என்றால் சரிபாதி என்று எண்ண வேண்டாம். M10 போல்ட்டில் 125 மி.மீ. நீளம் வரைக்கும் த்ரெட் 26 மி.மீ.தான். 50 நீள போல்ட்டில் அது ஏறக்குறையப் பாதியாக இருக்கும், 100 நீள போல்ட்டில் கால்வாசி. இது தெரிந்திருந்தால் மாதிரியைக் கையில் எடுத்ததும் வெர்னியர் வைத்துப் பார்த்துவிடலாம்.

DIN, ISO இரண்டும் ஒன்றுதான் என்று யாராவது சொன்னால் பாதிதான் நம்புங்கள். M10-க்கு DIN 931 போல்ட்டின் தலை 17 ஸ்பேனர், ISO 4014-இன் தலை 16. M12-க்கு 19-ம் 18-ம். M8-க்கு இரண்டிலும் 13. பட்டியலில் ‘தேவைப்படும் கருவி’ என்று ஒரு கட்டம் இருந்தால், போல்ட்டின் எண்ணைப் பார்க்காமல் ஸ்பேனர் அளவை நிரப்பாதீர்கள்.

இதே வகைக் குழப்பம் ‘லாக் நட்’டிலும் உண்டு. அட்ஜஸ்டிங் போல்ட் கழலாமலிருக்க அதன் மேல் இன்னொரு மெல்லிய நட்டை இறுக்குவார்கள், அதுவும் லாக் நட். உள்ளே நைலான் வளையம் வைத்த நட்டையும் லாக் நட் என்றே சொல்வார்கள். DIN 439 என்றால் ‘மெல்லிசு நட்’ என்றும், DIN 985 என்றால் ‘நைலாக் நட்’ என்றும் எழுதிவிடுங்கள். வெறும் லாக் நட் என்ற சொல்லைத் தமிழ்க் கட்டத்தில் விடாதீர்கள்.

## 5. த்ரெட்: எழுதாமல் விட்ட எண்ணை எழுதுங்கள்

அதே சாஃப் கட்டரில் கத்தியைச் சக்கரத்தோடு பிடிக்கும் போல்ட்டும், மூடியைப் பிடிக்கும் போல்ட்டும் இப்படி இருந்தன:

```
21  HEX BOLT  M10x1.25x40  DIN 960  10.9   6
22  HEX BOLT  M10x40       DIN 931  8.8    4
```

இரண்டும் ஒரே தடிமன், ஒரே நீளம், ஒரே ஸ்பேனர். முதலாவது ஃபைன் த்ரெட், பிட்ச் 1.25 மி.மீ. இரண்டாவதில் பிட்ச் எழுதவே இல்லை. எழுதாவிட்டால் அது கோர்ஸ் த்ரெட், M10-க்கு 1.5 மி.மீ. என்று பொருள். இது டிசைனருக்குத் தெரியும். தமிழ்ப் பட்டியலைப் படிக்கிறவர் எல்லோருக்கும் தெரியும் என்று சொல்ல முடியாது. ஆகவே தமிழ்க் கட்டத்தில் மறைந்திருக்கும் எண்ணையும் எழுதிவிடுங்கள். M6-க்கு 1, M8-க்கு 1.25, M10-க்கு 1.5, M12-க்கு 1.75.

இந்த நாலு எண்களை இன்னொரு தடவை பாருங்கள். M8-இன் சாதாரண பிட்ச்சும் 1.25, M10-இன் ஃபைன் பிட்ச்சும் 1.25. ‘1.25 என்றால் ஃபைன்’ என்று மனதில் ஒரு விதி வைத்துக்கொண்டால் M8 வரிகள் அத்தனையிலும் ‘ஃபைன்’ என்று தப்பாகச் சேர்த்துவிடுவீர்கள். நான் ஒரு பட்டியலில் இதைச் செய்திருக்கிறேன். அனுப்புவதற்கு முந்தின இரவு கண்டுபிடித்தேன்.

மாதிரியில் எப்படிச் சோதிப்பது? பிட்ச் கேஜின் 1.25 தகட்டை த்ரெட் மேல் வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். பல்லும் பள்ளமும் முழுதாகப் பொருந்தி வெளிச்சம் வராவிட்டால் அதுதான். கேஜ் இல்லையென்றால், தெரிந்த போல்ட் ஒன்றையும் இதையும் பக்கவாட்டில் த்ரெட்டோடு த்ரெட் ஒட்டவையுங்கள். ஒரே பிட்ச் என்றால் சீப்பும் சீப்பும் போல உட்காரும். வேறு என்றால் இரண்டு மூன்று பல்லுக்குள் விலகும். அதுவும் முடியாவிட்டால் ஸ்கேல் வைத்துப் பத்து த்ரெட்டின் நீளத்தை அளங்கள். 15 மி.மீ. வந்தால் 1.5, பன்னிரண்டரை வந்தால் 1.25.

மாற்றிப் போட்டால் என்ன ஆகும் என்பதையும் தெரிந்து வைத்திருங்கள், அப்போதுதான் யாராவது புகார் சொல்லும்போது காரணம் புரியும். தவறான பிட்ச் போல்ட் முதல் ஒன்றிரண்டு சுற்று கையாலேயே சுகமாகப் போகும், பிறகு இறுகும். பழகிய கை அங்கேயே நிறுத்திவிடும். புதுக்கை ஸ்பேனரில் பைப் மாட்டி இழுக்கும். சக்கரத்தின் த்ரெட் போய்விடும், அல்லது அதைவிட மோசமாக, இறுகிவிட்டது என்று தோன்றும் நிலையில் கத்தி சுழலும்.

`8.8`, `10.9` என்ற எண்களும் இங்கே வருகின்றன. இவை அளவு அல்ல, இரும்பின் பலம். நான் பார்த்த ஒரு மொழிபெயர்ப்பில் ‘8.8 மி.மீ.’ என்றே போட்டிருந்தார்கள். ‘கிரேடு 8.8’ என்று எழுதுங்கள். போல்ட்டின் தலையிலும் இந்த எண் பொறித்திருக்கும், ஆகவே மாதிரியோடு ஒப்பிடுவது சுலபம். கத்தி போல்ட்டுக்கு 10.9 கேட்டிருக்கிற இடத்தில், தலையில் எதுவுமே பொறிக்காத போல்ட் கவரில் வந்தால் அதை எடுத்து மேசையின் மேல் வையுங்கள், பேச வேண்டிய விஷயம் அது.

புள்ளியைப் பற்றி ஒரு வார்த்தை. `M10x1.25x40` என்பதில் அந்தப் புள்ளி அச்சில் மங்கினால் 125 மி.மீ. போல்ட் ஆகிவிடும். பட்டறைத் தாளில் எண்ணெய்க் கை படும். அதனால்தான் நான் தமிழ்க் கட்டத்தில் பெருக்கல் குறியை மட்டும் நம்பாமல் ‘பிட்ச் 1.25’, ‘நீளம் 40’ என்று சொல்லோடு சேர்த்து எழுதுகிறேன்.

கியர் பாக்ஸ் பிளக் வரியில் `G1/4` என்று இருந்தது. இது பைப் த்ரெட். கால் அங்குலம் என்பது பழைய பைப்பின் உள்ளளவை வைத்து வந்த பெயர். த்ரெட்டின் வெளி விட்டம் 13 மி.மீ.க்கு மேல் வரும். ‘கால் இஞ்ச் போல்ட்’ என்றோ ‘6 மி.மீ. பிளக்’ என்றோ எழுதிவிடாதீர்கள். `G` என்றால் நேர் த்ரெட், வாஷர் வைத்து ஒழுகலை நிறுத்துவார்கள். `R` என்றால் கூம்பு த்ரெட், டேப் சுற்றி மாட்டுவார்கள். அந்த ஓர் எழுத்தை மூலத்தில் உள்ளபடியே விட்டு, பக்கத்தில் ‘பைப் த்ரெட், நேர்’ என்று சேர்த்தால் போதும்.

## 6. வாஷர்: அந்த எண் எதன் அளவு?

போல்ட்டைவிட வாஷரில்தான் அதிகம் மாறுகிறது. கையில் எடுத்தால் எல்லாம் வட்டத்தகடு. இந்த நாலு வரியைப் பாருங்கள்:

```
31  WASHER 8.4       DIN 125
32  WASHER 8.4       DIN 9021
33  WASHER 8         ISO 7089
34  LOCK WASHER B8   DIN 127
```

நாலுமே M8 போல்ட்டுக்கான வாஷர்கள். DIN 125-லும் DIN 9021-லும் எழுதும் எண் வாஷரின் ஓட்டை விட்டம், 8.4 மி.மீ. ISO 7089-லும் DIN 127-லும் எழுதுவது போல்ட்டின் அளவு, 8. இது தெரியாமல் ‘8.4 மி.மீ. வாஷர்’, ‘8 மி.மீ. வாஷர்’ என்று எழுதினால் இரண்டு வேறு அளவு என்று ஆகிவிடும். 8.4 வாஷருக்கு 8.4 போல்ட் தேடிய ஒருவரை எனக்குத் தெரியும்.

தமிழ்க் கட்டத்தில் எப்போதும் போல்ட்டிலிருந்தே தொடங்குங்கள்: ‘M8 போல்ட்டுக்கு’. பிறகு வெளி விட்டத்தை எழுதுங்கள், ஏனென்றால் கண்ணுக்குத் தெரிவது அதுதான். DIN 125-இன் M8 வாஷர் வெளியே 16 மி.மீ., DIN 9021 வெளியே 24 மி.மீ. சாஃப் கட்டரின் தகர மூடியில் பெரிய வாஷரைக் கேட்டிருந்தார்கள், மெல்லிய தகட்டில் அழுத்தம் பரவுவதற்காக. சின்னதைப் போட்டால் முதல் நாள் ஒன்றும் ஆகாது. மெஷின் அதிர்ந்து அதிர்ந்து, நாளாக ஆக ஓட்டையைச் சுற்றித் தகரம் குழிந்து, மூடி தட்தட் என்று ஆடத் தொடங்கும்.

‘லாக் வாஷர்’ என்பதும் ஒரு பொருளின் பெயரல்ல. DIN 127 என்றால் ஓரிடத்தில் வெட்டி முனை விலகியிருக்கும் ஸ்பிரிங் வாஷர். DIN 6798 என்றால் சுற்றிலும் பல் இருக்கும் ஸ்டார் வாஷர். மோட்டாரின் எர்த் கம்பி மாட்டும் இடத்தில் ஸ்டார் வாஷர் கேட்பது, பெயிண்ட்டைக் கீறி உலோகத்தைத் தொட வேண்டும் என்பதற்காக. ‘பூட்டு வாஷர்’ என்று மொழிபெயர்த்தால் இரண்டும் ஒன்றாகிவிடும். வாஷர் வரிகள் நாலும் கடைசியில் இப்படி ஆயின:

```
31  பிளெயின் வாஷர், M8 போல்ட்டுக்கு, வெளி விட்டம் 16
32  பெரிய பிளெயின் வாஷர், M8 போல்ட்டுக்கு, வெளி விட்டம் 24
33  பிளெயின் வாஷர், M8 போல்ட்டுக்கு, வெளி விட்டம் 16
34  ஸ்பிரிங் வாஷர், M8 போல்ட்டுக்கு
```

31-ம் 33-ம் தமிழில் ஒரே வரியாக வந்துவிட்டன என்பதைக் கவனித்தீர்களா? இரண்டும் அளவில் ஒன்றே. ஒரே டப்பா போதுமா, கடினத்தன்மையில் ஏதாவது வித்தியாசம் கேட்டிருக்கிறார்களா என்று டிசைனர்தான் சொல்ல வேண்டும். தமிழில் இரண்டு வரி ஒன்றாக வரும்போதெல்லாம் அங்கே நிறுத்திக் கேள்வி எழுதுங்கள். எக்ஸெல்லில் தமிழ்க் கட்டத்தை அகரவரிசையில் அடுக்கினால் இரட்டை வரிகள் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கும். அடுக்குவதை ஒரு நகலில் செய்யுங்கள், மூலத்தில் வேண்டாம்.

## 7. தமிழ் வரியை மட்டும் கொடுத்து எடுக்கச் சொல்லுங்கள்

படித்துப் பார்த்துச் சரிபார்ப்பது இந்த வேலையில் பிரயோஜனப்படாது. உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததைத்தான் நீங்கள் படிப்பீர்கள். தமிழ்க் கட்டத்தை மட்டும் அச்செடுத்து, பட்டியலைப் பார்த்திராத ஒருவரிடம் கொடுத்து ஸ்டோரிலிருந்து எடுத்து வரச் சொல்லுங்கள். அவர் கொண்டுவந்ததையும் நீங்கள் கவரில் போட்டு வைத்த மாதிரியையும் ஒவ்வொன்றாகப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். திருத்திய பட்டியலை இப்படிச் சோதித்தபோது 41-இல் மூன்று மாறி வந்தது. இரண்டு வாஷர், தலை தகட்டுக்குள் அமுங்கி உட்காரும் ஒரு கவுண்டர்சங்க் ஸ்க்ரூ. கவுண்டர்சங்க் ஸ்க்ரூவில் நீளம் என்பது தலையும் சேர்த்து, மற்ற போல்ட்டில் தலைக்குக் கீழிருந்து. எடுத்தவர் தலைக்குக் கீழே அளந்து, ஒரு சைஸ் பெரிதாகக் கொண்டுவந்திருந்தார். அந்த வரியில் ‘நீளம் 20, தலையோடு’ என்று சேர்த்ததும் தீர்ந்தது.

அவர் எந்த வரியில் தயங்கி நின்றார் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். சரியாக எடுத்திருந்தாலும் தயங்கிய வரி பலவீனமான வரி.

## 8. கூலியும் நாளும்

வார்த்தைக்கு இவ்வளவு என்று பேசாதீர்கள். முதல் தடவை வார்த்தைக்கு ஒன்றரை ரூபாய் என்று ஒத்துக்கொண்டு, 400 வார்த்தைக்கு 600 ரூபாய் வாங்கினேன். திரும்பத் திரும்பப் பட்டறைக்குப் போன பெட்ரோலுக்கே சரியாகிவிட்டது. இப்போது வரிக்கு 20 ரூபாய், பட்டறையில் செலவிடும் நாளுக்குத் தனியாக 1,500 ரூபாய் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேலையின் பாதி ஸ்டோரில்தான் நடக்கிறது என்று விளக்கினால் பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறார்கள். மாதிரி எடுக்க விடமாட்டோம் என்றால் அந்த வேலையை எடுப்பதில்லை.

நூறு வரிப் பட்டியலுக்கு நான் ஒரு வாரம் கேட்கிறேன். படித்துக் கேள்வி எழுத ஒரு நாள், ஸ்டோரில் ஒரு நாள், எழுத ஒரு நாள், எடுத்துப் பார்க்கும் சோதனைக்கு அரை நாள். மீதி நாளெல்லாம் டிசைனரின் பதிலுக்காகக் காத்திருப்பது. கேள்விகளை ஒவ்வொன்றாகப் போனில் கேட்காமல், வரிசை எண் போட்டு ஒரே தாளில் அனுப்பி, பதிலை எழுத்தில் வாங்குங்கள். ‘DIN 127-தான்’ என்று போனில் சொன்னவர், ஆறு மாதம் கழித்து ‘நான் எங்கே சொன்னேன்’ என்பார்.

ஒப்படைக்கும் தாளின் தலைப்பில் டிராயிங்கின் திருத்த எண்ணை எழுத மறக்க வேண்டாம். டிசைனர் `Rev B` போட்டு 21-ஆம் வரியின் நீளத்தை 40-லிருந்து 45 ஆக்குவார், ஆங்கிலப் பட்டியல் மட்டும் மாறும், சுவரில் ஒட்டியிருக்கும் தமிழ்த் தாள் `Rev A`-வாகவே இருக்கும். மாறின வரிகளை மட்டும் எனக்கு அனுப்புங்கள், புதுத் தாள் தந்து பழையதைக் கிழிப்பது வரையான வேலைக்குக் கூலி தனி என்று பேசி வைத்திருக்கிறேன். பழைய தாளைக் கிழிப்பதை நானே நின்று பார்ப்பேன்.